ஒலி வாடகை நிறுவனத்துக்கு அனுப்பும் மின்னஞ்சல்: ஒரு மண்டப மேலாளரின் நீண்ட நாள் அனுபவம்

“மண்டபத்தின் நீளம் 30 மீட்டர், அகலம் 14, கூரை உயரம் 5. மேடை 8 மீட்டர் அகலம், 5 மீட்டர் ஆழம், 90 சென்டிமீட்டர் உயரம். இடப்பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. முதல் வரிசை நாற்காலி மேடையிலிருந்து 3 மீட்டரில் தொடங்கும்.”

ஒவ்வொரு திருமணத்துக்கும் ஒலி வாடகை நிறுவனத்துக்கு நான் அனுப்பும் மின்னஞ்சல் இப்படித்தான் தொடங்குகிறது. சில ஆண்டுகளாக இதே வடிவத்தைப் பயன்படுத்தி வருகிறேன். நிறுவனங்கள் மாறியிருக்கின்றன, மின்னஞ்சல் அதிகம் மாறவில்லை.

“நல்ல சத்தம் வேண்டும்” என்ற வரி இதில் இருக்காது. அப்படி எழுதினால் பெரிய ஸ்பீக்கர்களாகக் கொண்டுவந்து மேடையோரம் அடுக்கிவிடுவார்கள். முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்துவார்கள், கடைசி வரிசைக்கோ யாரோ பேசுவது மட்டும் தெரியும், என்ன பேசுகிறார் என்பது தெரியாது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். மண்டபத்துக்குள் எதிரொலி சேர்வதால் அவ்வளவு குறையாது, ஆனால் அந்த எதிரொலியேதான் சொற்களைக் குழப்புகிறது. ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே ஏறும்.

ஆகவே மின்னஞ்சலின் இரண்டாவது பத்தி இது: “மேடையின் இரு முன்மூலைகளிலும் தலா ஒரு ஸ்பீக்கர். மேடையிலிருந்து 16 மீட்டரில், பின்பக்கம் பார்த்தபடி இன்னொரு ஜோடி. எல்லாம் உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே, ஸ்டாண்டில். பின் ஜோடிக்குத் தாமதம் வைக்கவும்.” மொத்த மின்னஞ்சலிலும் அதிகப் பலன் தந்தது இந்தக் கடைசி வாக்கியம்தான். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. முன் ஸ்பீக்கரின் ஒலி 16 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 46 மில்லி நொடி ஆகும். பின் ஸ்பீக்கருக்கு மின்சாரம் வழியே செல்வதோ அந்தக் கணமே ஒலித்துவிடும். தாமதம் வைக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். 46-உடன் இன்னும் ஒரு பத்து சேர்த்து வைத்தால் ஒலி மேடையிலிருந்தே வருவதுபோலத் தோன்றும். சரிபார்க்க நான் கருவி எதையும் தேடுவதில்லை. மேடை மைக்கை ஒருவர் விரலால் தட்டச் சொல்லிவிட்டு, பின் ஸ்பீக்கருக்குச் சற்றுப் பின்னால் நின்று கேட்பேன். “டக்” என்று ஒன்று வந்தால் சரி, “டடக்” என்றால் ஆபரேட்டரிடம் போவேன்.

மைக் பற்றிய பத்தியில் எண்ணிக்கையைவிட, யார் எங்கே நின்று பேசுவார் என்பதற்கே இடம் தருகிறேன். “கம்பியில்லாக் கை மைக் இரண்டு. ஸ்டாண்டில் கம்பி மைக் ஒன்று, மாற்றாக. வாழ்த்துபவர்கள் மைக்குடன் மேடையைவிட்டு இறங்கி நாற்காலிகளுக்கு நடுவே நடப்பார்கள்.” இந்தக் கடைசி வரி இல்லாத காலத்தில் மைக் வீறிட்டதற்கெல்லாம் காரணம் அந்த நடைதான். மேடையில் மைக் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும், கீழே இறங்கியதும் ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் வந்துவிடும். ஸ்பீக்கரின் ஒலியே மைக்குக்குள் திரும்பப் புகுந்து சுழல ஆரம்பிக்கும். போதாக்குறைக்குப் பேசுபவர் மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் மூடிப் பிடிப்பார். அப்படிப் பிடித்தால், பின்புறத்திலிருந்து வரும் ஒலியைத் தவிர்க்கும் மைக்கின் தன்மையே போய்விடும். அதனால்தான் “ஆபரேட்டர் மேடைக்குப் பின்னால் அல்ல, மண்டபத்தின் நடுப்பகுதியில், மேடையும் நடைபாதையும் கண்ணில் படும்படி உட்கார வேண்டும்” என்று அடுத்த வரியே கேட்டுவிடுகிறேன். மைக் இறங்குவதைக் கண்டால் அவர் கை தானாகவே ஒலியைக் குறைக்கும். கழுத்துப்பட்டையில் குத்தும் சிறு மைக்கை மட்டும் நான் கேட்பதில்லை. வாயிலிருந்து தள்ளி இருப்பதால் அதற்கு ஒலியைக் கூடுதலாக ஏற்ற வேண்டும், ஏற்றினால் வீறிடும்.

மின்சாரத்துக்கு இரண்டே வரி: மேடை விளக்குகள் உள்ள இணைப்பிலிருந்து ஒலிக்கருவிகளுக்கு எடுக்கக் கூடாது, இரைச்சல் வரும். மிக்சருக்கு மட்டும் ஒரு யு.பி.எஸ். வேண்டும், ஏனென்றால் ஜெனரேட்டருக்கு மாறும் சில நொடிகளில் டிஜிட்டல் மிக்சர் அணைந்தால், அது மீண்டும் எழுந்து வரும்வரை மண்டபமே ஊமை.

மின்னஞ்சலால் தீராதது கண்ணாடிச் சுவர். ஸ்பீக்கர்களைச் சற்று வலப்பக்கம் திருப்பச் சொல்கிறேன், திரைச்சீலையை மூடிவைக்கிறேன். எதிரொலி கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு குறை, மின்னஞ்சலைப் படிப்பவர் அலுவலகத்தில் இருப்பவர், வண்டியில் வருபவர் வேறொருவர். அவர் கையில் “ஸ்பீக்கர் 4, மைக் 3” என்ற சீட்டு மட்டுமே இருக்கும். இப்போதெல்லாம் வரப்போகும் ஆபரேட்டரின் எண்ணைக் கேட்டு வாங்கி, மண்டபத்தின் வரைபடத்தை அவருக்கே நேரடியாக அனுப்பிவிடுகிறேன். முதல் நாள் மாலையே அவர் போன் செய்து, மின் இணைப்பிலிருந்து மிக்சர் மேசை எத்தனை மீட்டர் என்று கேட்டால், போதிய நீளக் கேபிளோடு வருவார் என்று நம்பலாம்.