அல்லித் தொட்டி ‘முழு செட்’ வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

மொட்டை மாடியில் அல்லி வளர்க்க ஆசைப்பட்டு, தொட்டி, செடி, மண் கலவை எல்லாம் சேர்த்து ஒரே செட்டாக விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். இரண்டு மாதத்தில் ஆறு மீன்கள் செத்தன, செடி பாதி அழுகியது, வீட்டில் கொசுக்கடி. நடந்ததை முழுக்க எழுதுகிறேன். இதே செட் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

செடியில் குறை சொல்ல மாட்டேன். நல்ல கிழங்கு, நான்கு இலைகளோடு வந்தது. தொட்டியும் நூறு லிட்டர் கொள்ளும், தரமானதுதான். தவறு முழுவதும் மண் கலவையில் இருந்தது. ‘நீர்த்தாவரச் சிறப்புக் கலவை’ என்று மூட்டையில் எழுதியிருந்தது. பிரித்துப் பார்த்தால் தென்னை நார்த்தூளும் மண்புழு உரமும்தான் அதிகம், கொஞ்சம் செம்மண். ரோஜாவுக்குப் போடும் கலவை மாதிரியே இருந்தது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கேட்டதற்கு, “சத்து அதிகம் சார், சீக்கிரம் பூக்கும்” என்றார். அவர் சொன்னபடி தொட்டியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு நிரப்பி, கிழங்கை வைத்து, தண்ணீர் விட்டேன்.

முதல் நாளே நார்த்தூள் மிதந்து மேலே வந்துவிட்டது. நான்காம் நாள் அடியிலிருந்து குமிழிகள் கிளம்பின, கையை விட்டால் அழுகிய முட்டை நாற்றம். எட்டாம் நாள் தண்ணீர் பச்சைப் பட்டாணிக் குழம்பு போல ஆகிவிட்டது.

காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். பச்சைத் தண்ணீர் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி. அதற்கு வேண்டியது வெயிலும், தண்ணீரில் கரைந்த சத்தும். மாடியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. உரக் கலவையிலிருந்து சத்து தண்ணீருக்குள் கசிந்துகொண்டே இருந்தது. அல்லிக்கு அப்போது இருந்த நான்கு இலைகளால் அதையெல்லாம் உறிஞ்ச முடியாது, பாசி உறிஞ்சிக்கொண்டது. இதோடு, காற்றில்லாத சேற்றுக்குள் உரம் மட்கும்போது வேரும் கிழங்கும் சேர்ந்து அழுகும்.

விற்றவரைக் கூப்பிட்டேன். தண்ணீரை முழுக்க மாற்றச் சொன்னார். மாற்றினேன், ஒரு வாரத்தில் மறுபடி பச்சை. இன்னொரு முறை மாற்றினேன், அதே கதை. சத்து அடியில் இருக்கிறது. மேலே தண்ணீரை மட்டும் மாற்றினால் பாசிக்கு ஒன்றும் ஆகாது, புதிதாகத் தொடங்கும், அவ்வளவுதான்.

அப்புறம்தான் அந்த நீல மருந்து வந்தது. சிறிய பாட்டில், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. தொட்டியில் கொசுவுக்காக ஆறு கப்பி மீன்கள் விட்டிருந்தேன். “மீன் இருக்கிறதே, ஊற்றலாமா?” என்று தெளிவாகவே கேட்டேன். “மீனுக்கு ஒன்றும் ஆகாது சார், நான் பொறுப்பு” என்றார். மாலையில் ஊற்றினேன். மறுநாள் காலை தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. ஆனால் மீன்கள் ஆறும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் எல்லாம் செத்து மிதந்தன. நத்தைகளும் போய்விட்டன.

மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் அந்தத் தண்ணீரைச் செம்புக்கான சோதனைக் கரைசலில் பார்த்தார். அளவு மிக அதிகம். நிறத்தையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் அது மயில்துத்தக் கரைசல்தான் என்றார். செம்பு பாசியைக் கொல்லும், உண்மைதான். அதைவிடச் சுலபமாக நத்தையைக் கொல்லும், மீனின் செவுளையும் கெடுக்கும். செத்த பாசி அவ்வளவும் ஒரே இரவில் அழுகும்போது தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனும் தீர்ந்துபோகும். இரண்டில் எது முதலில் கொன்றது என்று பிரிக்க முடியாது. செம்பு மட்கிப் போகிற பொருளும் இல்லை, சேற்றில் அப்படியே தங்கிவிடும்.

மீன் போனதும் கொசு வந்தது. வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். இரண்டு வாரத்துக்குள் தொட்டி முழுக்கப் புழு நெளிந்தது. அதற்கு ஓர் எண்ணெய் தருகிறேன் என்றார். அங்கேயே நிறுத்திக்கொண்டேன். அல்லி இலை சுவாசிக்கும் துளைகள் மேல் பக்கத்தில் இருக்கின்றன, அதன் மேல் எண்ணெய் படர்ந்தால் இலை என்ன ஆகும்?

இதன் பிறகு நானே செய்ததைச் சொல்கிறேன். இப்போது தொட்டி நன்றாக இருக்கிறது.

எல்லாவற்றையும் கொட்டினேன். தொட்டியின் உள்சுவரை, முக்கியமாகத் தண்ணீர் நிற்கும் கோட்டுக்குச் சற்று மேலே, பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்தேன். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையை அங்கேதான் ஒட்டுகிறது. காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டி வெயிலில் காயவைத்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

கிழங்கைக் கழுவி, அழுகிய பகுதியை வெட்டி, அகலமான ஒரு தனிச் சட்டியில் வெறும் களிமண்ணில் நட்டேன். நார்த்தூள் இல்லை, உரம் இல்லை. குருத்து மூடாதபடி, மேலே இரண்டு விரல் உயரத்துக்குக் கழுவிய மணல் பரப்பினேன். சட்டியைத் தொட்டிக்குள் இறக்கி, மண் கலங்காமலிருக்க ஒரு தட்டின் மேல் தண்ணீரை மெதுவாக விட்டேன். இலைகள் பெருகிய பிறகுதான் உரம், அதுவும் மாத்திரையாக, மண்ணுக்குள் ஆழமாக அழுத்தி வைக்கிறேன்.

இரண்டாம் வாரம் தண்ணீர் மறுபடி லேசாகப் பச்சையானது. இந்த முறை கை வைக்கவில்லை. ஆவியான அளவுக்கு மட்டும் நிரப்பினேன். இலைகள் பரப்பில் பாதிக்கு மேல் மூடியதும், ஐந்தாம் வார வாக்கில், தானாகவே தெளிந்தது. வெயில் உள்ளே இறங்குவது குறைந்தது, சத்தைச் செடி எடுத்துக்கொண்டது. இந்தப் பொறுமையைத்தான் விற்றவர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அதுவரை கொசுவுக்கு பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் போட்டேன். கொசுப்புழு அதைத் தின்று சாகும், மீனுக்கும் செடிக்கும் கெடுதல் இல்லை. ஆனால் கமா வடிவில் துள்ளும் கூட்டுப்புழு எதையும் தின்னாது, மருந்து அதைத் தொடாது. அவற்றைச் சிறு வலையால் அள்ளி எடுத்தேன். பிறகு புதிய கப்பிகள் விட்டேன். மீன் இருந்தாலும், குழிந்த இலைகளில் தேங்கும் நீருக்கு அது எட்டாது. வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்துவிடுகிறேன்.

நீங்கள் கலவை வாங்குவதாக இருந்தால், ஒரு பிடி எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு போட்டு ஒரு நாள் வையுங்கள். மேலே மிதந்தாலோ, தண்ணீர் தேநீர் நிறமானாலோ வேண்டாம். பொருள் பெயர் இல்லாத மருந்து பாட்டிலை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டேன். மீன் செத்ததற்கு வெயில்தான் காரணம் என்றார். செம்புச் சோதனையின் படத்தை அனுப்பினேன். பார்த்திருக்கிறார், பதில் இல்லை.