டிவி ரிமோட்டுக்கு சாதா செல்லா, சார்ஜ் செல்லா?

பட்டனை அமுக்கினால் சேனல் மாறுகிற சாதாரண ரிமோட்டுக்கு சார்ஜ் செல் வாங்குவது தண்டச் செலவு. அந்த ரிமோட் சும்மா கிடக்கும்போது கரண்ட் எடுப்பது அநேகமாக இல்லை, அமுக்குகிற நொடியில்தான் கொஞ்சம் இழுக்கும், அதனால் மளிகைக்கடையில் தொங்குகிற சாதா பென்சில் செல்லே பல மாதம் ஓடிவிடும். சார்ஜ் செல்லோ, பழைய வகையாக இருந்தால், சும்மா இருந்தே மாதத்துக்கு 20 சதவீதம்போல இறங்கிவிடும். ரிமோட் தின்றதைவிட அது தானாக இழந்ததுதான் அதிகமாக இருக்கும்.

வோல்ட்டும் குறைவு. சாதா செல் 1.5, சார்ஜ் செல் 1.2. பெரும்பாலான ரிமோட் இரண்டு சார்ஜ் செல் சேர்ந்து தருகிற 2.4 வோல்ட்டிலும் ஓடும், சிலது மட்டும் மக்கர் பண்ணும்.

பேசினால் படம் தேடித் தருகிற புளூடூத் ரிமோட் வேறு கதை. அது செல்லைச் சீக்கிரம் காலி செய்யும். அதற்கு, வைத்திருந்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காத வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் வாங்குங்கள், செட்டுக்கும் சார்ஜருக்கும் போட்ட காசு வீண்போகாது. இவை கசிவதும் அபூர்வம்.

கசிவுதான் சாதா செல்லின் பெரிய வில்லங்கம். அதன் வெளிக்கூடு துத்தநாகம், மின்சாரம் தருவதும் அந்தத் துத்தநாகமே. தீரத் தீரக் கூடு அரித்து ஓட்டை விழுகிறது, உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வருகிறது. அதனால் புது செல்லைவிடத் தீர்ந்த செல்தான் ஆபத்து. விலை கூடின அல்கலைன் கசியாது என்று நினைக்க வேண்டாம், அதுவும் தீர்ந்தபின் உள்ளே வாயு சேர்ந்து சீலைப் பிளந்து வெள்ளைப் பொடியாகக் கக்கும்.

பெருந்துறையில் அத்தை வீட்டில் ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் செல்லைக் கடித்து, வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவார்கள். "ஏங்கண்ணு, ரெண்டு நாளைக்கு நல்லா ஓடுதே" என்பார் அத்தை. ஓடும்தான், சூட்டில் உள்ளே வேதிவினை கொஞ்சம் வேகமாகும், ஆனால் அந்தச் சூடே கசிவையும் கூட்டும். அதிலும் ஒரு செல்லை மட்டும் புதிதாக மாற்றினால், பலமில்லாத பழைய செல் தீர்ந்தபின்னும் புதுச் செல் அதன் வழியே கரண்டைத் தள்ளி, அதன் பிளஸ் மைனஸையே தலைகீழாக்கிவிடும், கசிவது பெரும்பாலும் அந்தப் பழசுதான். மாற்றினால் ஜோடியாகவே மாற்றுங்கள், ஒரே கம்பெனி, ஒரே வகை.

செல் தீர்ந்ததா, ரிமோட் பழுதா என்று சந்தேகமிருந்தால் மொபைலின் செல்ஃபி கேமரா முன் ரிமோட்டை நீட்டி பட்டனை அமுக்குங்கள். திரையில் ஊதா வெளிச்சம் பளிச்சென்று மினுக்கினால் செல் தேவலை, மங்கலாக இருந்தால் செல்லை மாற்றிப் பாருங்கள். புளூடூத் ரிமோட்டில் இந்தச் சோதனை செல்லாது.

ஊருக்குப் போய் வீடு மாதக்கணக்கில் பூட்டியிருந்தால் செல்லைக் கழற்றி வையுங்கள். ஸ்பேர் செல்லை பாக்கெட்டோடு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தால் போதும், தகரக்கூரைக்குக் கீழே பரணில் வேண்டாம். ஃப்ரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுக்கும்போது நீர் கோத்துவிடும். சாவி, சில்லறையோடு கலக்காதீர்கள்.

அல்கலைனின் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் கையுறை போட்டு, பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, ஈரத்துணியால் இன்னொரு முறை துடைத்து, நன்றாகக் காயவிட்டு அப்புறம் புது ஜோடி போடுங்கள். ஸ்பிரிங் கறுத்து அரித்திருந்தால் சும்மா துடைத்துப் பயனில்லை, உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டிவரும்.