இலவசக் கையேடு வைத்து இரண்டரை ஆண்டு: வந்த வேலையும் வராத அஞ்சலும்

மணலிப் பக்கம் கிடங்குகளுக்கும் சிறு தொழிற்சாலைகளுக்கும் உரிமம் வாங்கித் தரும் ஆலோசகர் ஒருவர் என் நண்பர். போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: “உங்கள் இணையதளத்தில் ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுக்கிறீர்களே, அதனால் வேலை வருகிறதா? நானும் ஒன்று போடட்டுமா?”

யோசிக்காமல், “வேண்டாம், விட்டுவிடுங்கள்” என்றேன். அன்று காலை ஆறே காலுக்கு ஒரு கல்லூரி மாணவர் என்னை வாட்ஸ்அப்பில் எழுப்பி, கையேட்டின் 14ஆம் பக்கத்தை மட்டும் வேர்டு கோப்பாகத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். அந்தக் கோபம் நண்பர் தலையில் இறங்கிவிட்டது. கொஞ்சம் ஆறியதும் அவருக்கு நியாயமான பதில் சொல்லவில்லையே என்று உறுத்தியது. அதற்காகத்தான் இது.

எனக்குத் தம்புச் செட்டித் தெருவில் இரண்டாவது மாடியில் அலுவலகம். முதல்முறை ஏற்றுமதி செய்பவர்களுக்கு ஆவணங்கள் தயார் செய்து கொடுப்பது தொழில். கையேடு 32 பக்கம்: ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்குவது முதல் கப்பல் ரசீது கைக்கு வருவது வரை. தொடக்கத்தில், பெயர், மின்னஞ்சல், கைபேசி எண் கொடுத்தால் கோப்பு மின்னஞ்சலில் வரும்படி வைத்திருந்தேன். இப்படி ஒன்றை வைப்பது எப்படி என்பது எல்லோருக்கும் தெரியும். வைத்த பிறகு நடப்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

முதல் எட்டு மாதத்தில் 211 பேர் படிவத்தை நிரப்பியிருந்தார்கள். பதில் எழுதியவர்கள் மூன்று பேர். “இலவசம் என்றால் வாங்குவார்கள், வேலை கொடுக்க மாட்டார்கள்” என்று ஊரையே திட்டிக்கொண்டிருந்தேன். பழைய வண்ணாரப்பேட்டையில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மாவு மில் வைத்திருப்பவர் ஒருநாள் டீக்கடையில் பிடித்துக்கொண்டார். “சார், உங்கள் புத்தகம் வரவே இல்லையே, மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்” என்றார். அங்கேயே அவர் கைபேசியை வாங்கி ஸ்பாம் பெட்டியைத் திறந்தேன். என் மூன்று அஞ்சல்களும் ஒரு லாட்டரிப் பரிசு அஞ்சலுக்குக் கீழே வரிசையாகக் கிடந்தன.

நானும் சோதிக்காமல் இருந்தவன் இல்லை. என் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிப் பார்த்தபோதெல்லாம் ஒழுங்காகவே வந்தது. அந்த முகவரியோடு ஆண்டுக்கணக்காக அஞ்சல் போக்குவரத்து இருந்ததால் ஜிமெயில் அதை நம்பியது. புதியவர் பெட்டிக்கு எப்படிப் போகிறது என்பதை அதில் கண்டுபிடிக்கவே முடியாது. இதுவரை உங்களிடமிருந்து ஓர் அஞ்சலும் பெறாத ஒருவரின் முகவரியில் சோதிப்பதுதான் சோதனை. அங்கே வந்த அஞ்சலைக் கணினியில் ஜிமெயிலில் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி Show original பார்த்தால், அஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வந்ததா என்று சோதிக்கும் SPF, DKIM, DMARC என்ற மூன்று வரியும் இருக்க வேண்டும். மூன்றிலும் PASS இருக்க வேண்டும். எனக்கு முதல் வரியிலேயே PASS இல்லை.

காரணம் எளியது. என் அலுவலக அஞ்சல் கூகுளில் இருக்கிறது. இணையதளமோ வேறொரு சர்வரில் இருக்கிறது. படிவத்தை யாராவது நிரப்பினால் அந்தச் சர்வர் என் பெயரைப் போட்டுத் தானே அஞ்சல் அனுப்பிவிடும். என் பெயரில் அனுப்ப அதற்கு அனுமதி உண்டு என்று டொமைன் பதிவில் எங்கும் எழுதவில்லை. பார்ப்பவருக்கு அது போலிக் கையெழுத்து மாதிரி. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இந்த விஷயத்தில் இன்னும் கறாராகிவிட்டது.

சரிசெய்ய வந்த பையன் பிரச்சினையை இரட்டிப்பாக்கினான். ஏற்கெனவே ஒரு வரி இருப்பதைப் பார்க்காமல், சர்வருக்காக, என் பெயரில் யார் அனுப்பலாம் என்று சொல்லும் SPF வரி இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தான். ஒரு டொமைனுக்கு இந்த வரி ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அதனால் அதுவரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த என் அலுவலக அஞ்சலும் இரண்டு நாள் தடுமாறியது. கடைசியில் கூடுதல் வரியை எடுத்துவிட்டு இது ஒன்றை மட்டும் வைத்தோம்:

```
v=spf1 include:_spf.google.com ~all
```

கூகுளின் அமைப்புப் பக்கத்தில் DKIM-ஐ இயக்கினோம். இணையதளம் தானாக அனுப்புவதை நிறுத்தி, எங்கள் கூகுள் கணக்கின் வழியாகவே அஞ்சல் போகும்படி மாற்றினோம். அதோடு, படிவத்தை அனுப்பியதும் அதே பக்கத்தில் கோப்பு இறங்கும்படியும் செய்தேன். அஞ்சலில் மட்டும் கொடுத்தால்தான் உண்மையான முகவரி கிடைக்கும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. இப்போது எனக்குப் பொய் முகவரிகள் கொஞ்சம் கூடுதலாகவே வருகின்றன. ஆனாலும் மூன்று தடவை கேட்டும் கையேடு கிடைக்காத மாவு மில்காரரின் முகம் எனக்கு மறக்கவில்லை.

அடுத்தது கைபேசி எண். இதைக் கட்டாயமாக்கியது என் தவறு. பத்து ஒன்பதுகள் போட்டவர்களை விடுங்கள், உண்மையான எண் கொடுத்தவர்களிடம்தான் நான் அதிகம் அடிபட்டேன். கொருக்குப்பேட்டையில் அப்பளம் தயாரிக்கும் ஓர் அம்மாவின் பெயரில் ஒரு நவம்பர் இரவு, பதினொன்றரைக்குப் படிவம் வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் அலுவலகத் தம்பி அழைத்தான். “யாருக்கு வேண்டும் கையேடு? என் நம்பரை யார் கொடுத்தது?” என்று அவர் சத்தம் போட, இவன் பயந்து வைத்துவிட்டான். நிரப்பியவர் அவருடைய தம்பி. மின்னஞ்சல் தம்பியுடையது, எண் அக்காவுடையது. சிறு தொழில்களில் இது சாதாரணம்: தேடுவது ஒருவர், பணம் கொடுப்பது இன்னொருவர், போன் எடுப்பது மூன்றாமவர். அன்றோடு அழைப்பதை நிறுத்தி, எண்ணை விருப்பமிருந்தால் கொடுங்கள் என்று மாற்றினேன்.

அந்த இடத்தில் ஒரு கேள்வியை வைத்தேன்: “சரக்கை எப்போது அனுப்ப வேண்டும்?” பதில் மூன்றில் ஒன்று: இந்த மாதமே, ஆறு மாதத்துக்குள், கற்றுக்கொள்ளத்தான். மக்கள் இதில் பொய் சொல்வதில்லை என்பது எனக்கே வியப்பு. கற்றுக்கொள்ளத்தான் என்பவர்கள் நிம்மதியாக அதை அழுத்திவிட்டுப் போகிறார்கள், அவர்களை நானும் தொந்தரவு செய்வதில்லை. இந்த மாதமே என்று வருபவருக்கு அன்றே நானே எழுதுகிறேன், இரண்டே வரி: என்ன சரக்கு, எந்த நாட்டுக்கு? எங்கள் சேவைகளின் பட்டியல், வாழ்த்து, சின்னம் எதுவும் அதில் கிடையாது. இதற்குப் பதில் வருகிறது. மறுநாள் எழுதினால் பாதிப் பேர் யாரென்று கேட்கிறார்கள். மூன்றாம் நாள் எழுதினால் அவர்கள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

இவ்வளவுதான் என்றால் நண்பரிடம் சொன்ன ‘வேண்டாம்’ சரியாகவே இருந்திருக்கும். நான் எதிர்பாராதது ஜூன் மாதம்.

ஐ.இ.சி. வைத்திருப்பவர் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள், இந்த எண்ணைக் கொடுக்கும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.யின் தளத்தில் தன் விவரங்களை உறுதி செய்ய வேண்டும். எதுவும் மாறவில்லை என்றாலும் உள்ளே போய் ‘மாறவில்லை’ என்று உறுதி செய்தாக வேண்டும். 2021 பிப்ரவரியில் வந்த விதி இது. செய்யாவிட்டால் எண் முடக்கப்படும். பிறகு புதுப்பித்தால் உயிர் பெறும். இந்த எண்ணை ஒருமுறை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டவர்களில் பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. என்னிடம் பழைய கையேட்டுப் பட்டியல் இருந்தது. ‘விதி மாறினால் அஞ்சல் அனுப்பலாம்’ என்ற கட்டத்தில் அவர்களே டிக் போட்டிருந்தவர்களுக்கு மட்டும், ஜூன் 3 அன்று நான்கு வரி அனுப்பினேன்: எண்ணின் நிலையை எங்கே பார்ப்பது, கடைசி நாள் எது, நீங்களே செய்ய எத்தனை நிமிடம், முடியாவிட்டால் எங்கள் கட்டணம் என்ன.

340 பேரில் 41 பேர் பதில் எழுதினார்கள். எட்டு மாதத்தில் மூன்று பதில் பார்த்த ஆளுக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான். அந்த 41இல் கொருக்குப்பேட்டைத் தம்பியும் ஒருவர். 2022இல் ஒரு பார்சலுக்காக வாங்கிய எண், அதன் பிறகு யாரும் தொடவில்லை. அஞ்சலைப் பார்த்துச் சோதித்தால் முடங்கிக் கிடக்கிறது. ஜூலை முதல் வாரத்தில் மலேசியாவில் கிள்ளானுக்குச் சரக்கு போக வேண்டும் என்று அக்காவையும் அழைத்துக்கொண்டு மாடியேறி வந்தார். போனில் சத்தம் போட்ட அதே அம்மா, மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

புதுப்பிப்பதற்கு ஆதார் ஓ.டி.பி. வேண்டும். அக்காவின் ஆதாரில் இருந்த எண்ணோ, எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன எண். ஆதார் மையத்துக்குப் போய் மாற்றிவிட்டுக் காத்திருப்பதைவிட டிஜிட்டல் கையொப்பம் வாங்குவதே வேகம் என்று முடிவு செய்தோம். அதற்கே நான்கு நாள் போனது. ஜூன் 28க்கு எண் உயிர் பெற்றது. புதுப்பிப்புக்கு நான் வாங்கியது 1,500 ரூபாய். அப்பளம், வேளாண் பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் அரசு அமைப்பான அபேடாவின் பட்டியலில் வரும் பொருள் என்பதால் அங்கே பதிவு, பிறகு ஒவ்வொரு சரக்குக்கும் ஆவணம் என்று வேலை இன்றுவரை தொடர்கிறது. நவம்பரில் இறக்கிய கையேட்டுக்கு ஜூனில் வேலை வந்தது. இடைப்பட்ட ஏழு மாதமும் அவர்களுக்கு நான் எதுவும் அனுப்பவில்லை. வாரம் ஒரு அஞ்சல் அனுப்பியிருந்தால் மார்ச்சிலேயே என்னை ஸ்பாமில் தள்ளியிருப்பார்கள்.

குறை இன்னும் இருக்கிறது. கோப்பு ஒருமுறை வெளியே போனால் திரும்பி வராது. வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் முதல் பதிப்பை நீட்டி, “உங்கள் புத்தகத்திலேயே இப்படித்தானே இருக்கிறது” என்று என்னிடமே வாதாடியவர்கள் உண்டு. இப்போது ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மாதமும் ஆண்டும் அச்சிடுகிறேன். ஆண்டுக்கு இருமுறை 32 பக்கத்தையும் உட்கார்ந்து திருத்த வேண்டும். உண்மையில் ஜனங்கள் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவது கடைசிப் பக்கச் சரிபார்ப்புப் பட்டியலை மட்டும்தான். மீதி 31 பக்கத்தை என் திருப்திக்காக எழுதினேன் போலிருக்கிறது.

இதையெல்லாம் நேற்று நண்பரிடம் சொன்னேன். முடிவில், “அப்படியானால் போடலாம்தானே?” என்றார். “இரவு எட்டு மணிக்கு மேல் பதில் எழுத உங்களுக்கு ஆள் இருக்கிறதா?” என்றேன். இல்லை என்றார். “அப்படியானால் வேண்டாம்” என்றேன், இந்த முறை கோபமில்லாமல். அவர் ஏற்கெனவே போட்டுவிட்டாராம். பெயர், தொழில், முகவரி, தந்தை பெயர் எல்லாம் சேர்த்துப் பத்துக் கட்டம். முழுவதையும் நிரப்பி நேற்றிரவே அனுப்பினேன். இதை எழுதி முடிக்கும்வரை அவருடைய கையேடு வரவில்லை. ஸ்பாமிலும் பார்த்துவிட்டேன்.