ஒரு ரசீதைக் கேட்பதா, ஒரு வருட ரசீதுகளைக் கேட்பதா?

உள் தணிக்கைப் பிரிவுக்கு, நிறுவனத்துக்குள் நடக்கும் முறைகேட்டை அம்பலப்படுத்தும் ஒரு விசில்புளோயர் புகார் வருகிறது. யார் விசாரிப்பது, புகாரில் பெயர் உள்ளவரின் கண்ணில் படாமல் எப்படி வைப்பது என்பதெல்லாம் முதல் நாளிலேயே முடிந்துவிடும். அதற்கப்புறம்தான் உண்மையான கேள்வி. புகாரில் சொன்னதை மட்டும் நேராகப் போய்ப் பார்ப்பதா, அதைச் சுற்றியுள்ள பெரிய பரப்பை எடுத்து அதற்குள் தேடுவதா? முதலாவதைக் குறுகிய வழி என்றும் இரண்டாவதை அகலமான வழி என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். நான் அகலமான வழியின் பக்கம்.

குறுகிய வழியின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். வேகம், செலவு குறைவு, தேவையில்லாமல் மற்றவர்களின் கோப்புகளைக் கிளற வேண்டியதில்லை. நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். ஒரு வண்டி பட்டறையில் நின்ற நாட்களுக்கும் டீசல் பில் போடப்பட்டிருக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது. அந்த வண்டியின் அந்த மாத லாக் புத்தகத்தை அனுப்பச் சொல்லிப் போக்குவரத்துப் பிரிவுக்கு எழுதினேன். மூன்றாம் நாள் புத்தகம் வந்தது. முப்பது நாள் பதிவும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. உட்கார்ந்து புதிதாக எழுதியிருக்கிறார்கள். அதே வாரம் அந்த வண்டியின் ஓட்டுநர் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார். வண்டி பட்டறையில் நின்றது தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை, பூட்டித்தான் வைத்திருந்தேன். ஆனால் நான் கேட்ட கேள்வியே காட்டிக்கொடுத்துவிட்டது.

எனக்கு முடிவைத் தீர்மானிப்பது இந்த ஒன்றுதான். ரகசியம் என்றால் பெயரை மறைப்பது என்று நினைக்கிறோம். பல புகார்களில் பெயரே இருக்காது. மறைக்க வேண்டியது, நாம் எதைத் தேடுகிறோம் என்பதை. அதனால் புகார் வந்ததும் நான் இப்போது முதலில் செய்வது ஒரு எண்ணிக்கை: இதில் சொல்லப்பட்ட ஒவ்வொரு விவரமும் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்க முடியும்? ஐம்பது பேருக்குத் தெரியும் என்றால் குறுகிய வழியில் போகலாம். ஐந்துக்குக் கீழே என்றால், அந்த விவரத்தைக் குறிப்பிட்டு எந்த ஆவணத்தையும் கேட்கக்கூடாது. கணினிப் பிரிவுக்குப் போகும் கோரிக்கையின் தலைப்பில்கூட வரக்கூடாது. அங்கே அதை எத்தனை பேர் படிப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

மேலிடத்திலிருந்தும் ஆபத்து வரும். பார்க்லேஸ் வங்கியின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜெஸ் ஸ்டேலி, 2016-ல் பெயரில்லாமல் வந்த ஒரு கடிதத்தை எழுதியது யார் என்று கண்டுபிடிக்க முயன்றார். 2018-ல் பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்புகள் அவருக்கு 6,42,430 பவுண்டு அபராதம் விதித்தன. ஆகவே மூலக் கடிதம் தணிக்கைத் தலைவரைத் தாண்டக்கூடாது. மற்றவர்களுக்கு நம் சொற்களில் எழுதிய சுருக்கம் போதும். எழுத்துப் பிழையும் பழகிய சொற்றொடரும்கூட ஆளைக் காட்டும்.

அகலமான வழி எப்படிப் போகும் என்பதற்கு என் இரண்டாவது புகார். இரவில் வந்த ஒரு லாரியில் 28 டிரம்தான் இறங்கியது, 40 என்று சரக்கு வரவு ரசீது போடப்பட்டது, கிடங்கு மேலாளருக்கு இதில் பங்கு உண்டு என்று தேதியோடு எழுதியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். வாசல் காவலர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், இரவு எழுத்தர். மூன்றே பேர். அந்த ஒரு ரசீதைக் கேட்டால், புகார் எழுதியவர் யார் என்பது மாலைக்குள் தெரிந்துவிடும்.

அடுத்த காலாண்டுக்கு என்று திட்டத்தில் ஏற்கெனவே ஒரு சரக்கு வரவுத் தணிக்கை இருந்தது. அதை முன்னால் இழுத்தோம். இது நாடகமாக இருக்கக்கூடாது. முழுத் தணிக்கையையும் உண்மையாகவே செய்து, அறிக்கையும் கொடுக்க வேண்டும். போலித் தணிக்கை ஒரு முறை வெளிப்பட்டால், அடுத்த முறை உண்மையான தணிக்கைக்குப் போனாலும் ‘யாரைப் பிடிக்க வந்தீர்கள்?’ என்பார்கள்.

மூன்று கிடங்குகள், 14 மாதங்கள், சுமார் 2,600 ரசீதுகள். தணிக்கைக்கு இருந்த பார்வை அனுமதியிலேயே கணினியிலிருந்து நாங்களே எடுத்தோம், யாரையும் கேட்கவில்லை. அதில் நிலையான எடையுள்ள டிரம்களில் வந்த சரக்குகளை மட்டும் பிரித்தபோது 410 ஆனது. எடைமேடைச் சீட்டுகள் பாதுகாப்புப் பிரிவின் கையில் இருந்தன. கிடங்கு மேலாளரால் அவற்றைத் தொட முடியாது. மூன்று வாசல்களின் எல்லாச் சீட்டுகளையும் வாங்கி ஒப்பிட்டோம். ஒரு டிரம் நிரம்பினால் 210 கிலோ. 40 டிரம் என்றால் 8,400 கிலோ இறங்கியிருக்க வேண்டும். புகாரில் சொன்ன நாளில் சரக்கோடு வந்த லாரிக்கும் காலியாகப் போன லாரிக்கும் வித்தியாசம் 5,880. அதாவது சரியாக 28 டிரம். இப்படிக் குறைந்தவை மொத்தம் 17. ஒன்று பகலில் நடந்த தட்டச்சுப் பிழை என்று தெளிவாகத் தெரிந்தது. மீதி 16-ம் ஒரே சப்ளையர், ஒரே பயனர் பெயர், இரவு நேரம்.

அந்தப் பயனர் பெயர் இரவு எழுத்தருடையது.

குறுகிய வழியில் போயிருந்தால் கையில் இருந்திருப்பது ஒரு ரசீது, அதன் கீழே எழுத்தரின் பெயர். அவர் மேல் பழி விழுந்து கோப்பு மூடப்பட்டிருக்கும், ஒருவேளை புகார் எழுதியவரே அவராக இருந்தும்கூட. 16 இரவுகள் கையில் இருந்ததால் வருகைப் பதிவோடு ஒப்பிட முடிந்தது. அதில் ஐந்து இரவுகள் அவர் விடுப்பில் இருந்தார். அந்த ஐந்து இரவுகளிலும் கடைசிவரை கிடங்கில் இருந்தவர் மேலாளர்.

சரி, அகலமான வழியில் இழந்தது என்ன? கேமராப் பதிவு. அங்கே 30 நாளில் பழைய பதிவு அழிந்து புதியது ஏறும். நாங்கள் ரசீதுகளோடு மல்லுக்கட்டி முடித்தபோது ஆறு வாரம் ஓடிவிட்டது. இப்போதாக இருந்தால் முதல் நாளே எல்லா வாசல்களின் முழு மாதப் பதிவையும் நகலெடுக்கச் சொல்லிவிட்டு, பார்ப்பதை அப்புறம் வைத்துக்கொள்வேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு விதிமுறை ஏழு நாளில் புகாரைப் பெற்றதாக ஒப்புதலும், அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் என்ன நடவடிக்கை என்ற தகவலும் கேட்கிறது. தேதியில்லாமல் அகலப்படுத்திக்கொண்டே போனால் அந்தக் கெடுவும் தாண்டும். ஆகவே ஆரம்பத்திலேயே எல்லையை எழுதிவைப்பது நல்லது: எத்தனை மாதம், எந்தச் சரக்கு, என்ன கிடைக்காவிட்டால் நிறுத்துவோம் என்று.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். என் அனுபவம் முழுக்கப் பொருளும் பணமும் சம்பந்தப்பட்ட புகார்கள். பாலியல் தொல்லை பற்றிய புகாரில் ஒரு சம்பவத்தை 400 சம்பவங்களுக்கு நடுவே மறைக்க முடியாது. இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி ஓட்டுகிறார்கள் என்றால் ஆறு வாரம் காத்திருக்கவும் முடியாது, அன்றே போய் நிறுத்தியாக வேண்டும். அங்கே குறுகிய வழிதான். ஆனால் அப்போதும் ஒரு இயந்திரத்தைப் பார்க்கப் போகிற நாளில் அந்த வரிசை முழுவதையும் பார்த்துவிட்டு வருவேன்.