டிமார்ட்: வாங்கவா, விற்கவா? பி/இ-யா, எபிட்டாவா?

அவென்யூ சூப்பர்மார்ட்ஸ், அதாவது டிமார்ட் பங்கு பற்றி ஒரே பக்கத்தில் பரிந்துரை எழுத வேண்டியிருந்தது. மதிப்பீட்டுக்கு இடம் பாதிப் பக்கம்தான். பங்கு விலையைப் பங்கு லாபத்தால் வகுக்கும் பி/இ-யா, அல்லது பங்குகளின் சந்தை மதிப்போடு நிகரக் கடனையும் சேர்த்த ஈவி-யை, வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபமான எபிட்டாவால் வகுக்கும் ஈவி/எபிட்டாவா? நான் எடுத்தது பி/இ.

கடன், வரி வேறுபாடுகளைத் தாண்டி ஒப்பிட எபிட்டா வசதி என்பது எல்லோருக்கும் தெரியும். சில்லறை வணிகத்தில் அது சறுக்குவது வாடகையில். 2019 ஏப்ரலில் வந்த இண்ட் ஏஎஸ் 116 என்ற கணக்கு விதிப்படி, நீண்டகாலக் குத்தகை வாடகை தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்து எபிட்டாவுக்குக் கீழே போய்விடும். இரண்டு கடைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் வாடகைக்கு முந்தைய லாபம் 10 கோடி. ஒன்று சொந்தக் கட்டடம், மற்றது 5 கோடி வாடகை. இப்போது இரண்டுமே 10 கோடி எபிட்டா காட்டும். குத்தகைப் பொறுப்பை ஈவி-யில் கடனாகச் சேர்க்க மறந்தால், வாடகைக் கடை மலிவாகத் தெரியும். டிமார்ட் பெரும்பாலும் சொந்த இடத்திலோ மிக நீண்ட குத்தகையிலோ கடை நடத்துவது. அதை வாடகைக் கடைகளோடு எபிட்டா வைத்து ஒப்பிட்டால் டிமார்ட்டுக்குத்தான் அநியாயம். நிகர லாபத்திலோ வாடகை எப்படியும் கழிந்துவிடும்.

சரி, பி/இ என்ன சொல்கிறது? 2024-25இல் விற்பனை 50,789 கோடியிலிருந்து 59,358 கோடியானது, ஏறக்குறைய 17% வளர்ச்சி. நிகர லாபமோ 2,536 கோடியிலிருந்து 2,707 கோடிதான், 7%கூட இல்லை. சுமார் 65 கோடி பங்குகள், ஆகவே பங்குக்கு ஏறத்தாழ 41.6 ரூபாய். விலை 4,000 என்று வைத்தால் பி/இ 96. ஆண்டுக்கு 12% வருமானம் வேண்டுமென்றால் ஐந்து ஆண்டில் விலை 7,050 ஆக வேண்டும். அதற்குள் பி/இ 60-க்கு இறங்கினால், பங்கு லாபம் 117 ரூபாயைத் தாண்ட வேண்டும். ஆண்டுக்கு 23% வளர்ச்சி! பி/இ 96-லேயே நின்றால் 12% போதும். வாங்கு என்பவருக்கும் விற்க என்பவருக்கும் சண்டை முழுக்க இந்த 60-க்கும் 96-க்கும் இடையில்தான். நான் விற்க என்றே எழுதினேன்.

பி/இ-யும் ஏமாற்றும். 2023-24இல் டாடா குழுமத்தின் ஆடைக் கடை நிறுவனமான டிரென்ட்டின் வரிக்கு முந்தைய லாபத்தில் 540 கோடிக்கு மேல் குத்தகைக் காலத்தை மறுமதிப்பீடு செய்ததால் வந்த ஒருமுறை லாபம். அதைக் கழிக்காமல் பி/இ போட்டால் பங்கு மலிவாகத் தெரியும். அப்புறம், புதுக் குத்தகையின் ஆரம்ப ஆண்டுகளில் வட்டி அதிகம் என்பதால், வேகமாகக் கடை திறக்கும் நிறுவனத்தின் லாபம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அந்த வகை நிறுவனத்துக்கு வாடகையைக் கழித்த பழைய பாணி எபிட்டாதான் சரியோ என்று தோன்றுகிறது. நான் அப்படி ஒரு நிறுவனத்துக்கு இதுவரை குறிப்பு எழுதியதில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.