எஸ்.ஓ. வேலைக்கு ஒரே ஆள் எழுதிய மூன்று கடிதங்கள்

பிஸ்கட், சோப்பு, மசாலா போன்ற அன்றாடச் சரக்கு விற்கும் கம்பெனிகளில் சேல்ஸ் ஆபீசர் எனும் எஸ்.ஓ. இடம் காலியானால், வரும் கடிதங்களை முதலில் படிப்பவர் பெரும்பாலும் ஏரியா சேல்ஸ் மேனேஜர், அதாவது ஏ.எஸ்.எம்.தான். அவரும் ஒரு காலத்தில் பை மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவர். எந்த எண் உழைப்பால் வந்தது, எது மாதக் கடைசியில் ஊதிப் பெருக்கியது என்பது அவருக்குப் பார்த்ததும் தெரியும். அவரை வைத்துத்தான் இந்த மூன்று கடிதங்களையும் எடை போட வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். ஈரோட்டில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டரிடம் பிஸ்கட் லைனில் விற்பனையாளர். நாளுக்கு ஒன்றாகச் சுற்றிவரும் கடை வரிசைதான் பீட்; இவருக்கு ஆறு பீட், பீட்டுக்கு 40 கடை, மொத்தம் 240 கடை. வாரம் ஒரு முறை ஒவ்வொரு கடைக்கும் போவார். இப்போது வேறு கம்பெனியின் எஸ்.ஓ. இடத்துக்கு விண்ணப்பிக்கிறார். கடிதம் ஆங்கிலத்தில் போனாலும் தமிழில் போனாலும் கீழே சொல்லும் கணக்கு மாறாது.

முதல் கடிதம் இப்படித் தொடங்குகிறது:

> மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் சேல்ஸ் ஆபீசர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். நான் கடின உழைப்பாளி. பேச்சுத் திறமையும் இலக்கை அடையும் உறுதியும் கொண்டவன். வாய்ப்பளித்தால் நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கம்பெனிப் பெயரை மாற்றினால் இன்ஷூரன்சுக்கும் போகும், டயர் கடைக்கும் போகும். கடைக்காரரிடம் "நல்ல பிஸ்கட் அண்ணாச்சி, வாங்கிக்கங்க" என்று மட்டும் சொல்லும் விற்பனையாளருக்கு என்ன கிடைக்குமோ அதுதான் இந்தக் கடிதத்துக்கும் கிடைக்கும்: "அடுத்த வாரம் பார்க்கலாம் தம்பி." விற்கத் தெரியும் என்று சொல்கிறார், ஆனால் கடிதத்தில் எதையும் விற்கவில்லை. இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டாவது கடிதம்தான் பலரையும் ஏமாற்றுவது, எழுதுபவரையும் சேர்த்து:

> டார்கெட்டில் 112% முடித்தேன். விற்பனையை 44% உயர்த்தினேன். புதிய சரக்கு அறிமுகத்தில் 200% வளர்ச்சி. 240 கடைகளைக் கையாள்கிறேன். தொடர்ந்து ஐந்து மாதம் இன்சென்டிவ் வாங்கினேன். வசூலில் நிலுவையே இல்லை.

பார்க்க வலுவாக இருக்கிறது. ஏ.எஸ்.எம். எப்படிப் படிப்பார் என்று பாருங்கள். 112% என்றால் டார்கெட் எவ்வளவு, அதைக் குறைத்துக் கொடுத்தார்களா? இது கம்பெனியிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போன பிரைமரியா, கடைக்குப் போன செகண்டரியா? பிரைமரி என்றால் 30ஆம் தேதி குடோனில் இறக்கி வைத்த சரக்காகவும் இருக்கலாம். அடுத்த மாதம் அப்படியே படுத்துவிடும். 200% என்பது ஒரு கடை மூன்று கடை ஆனதற்கும் பொருந்தும். ஆறு எண்களில் ஒன்று சந்தேகத்துக்கு இடமானாலும் மற்ற ஐந்தின் மீதும் அதே சந்தேகம் விழுகிறது. எண்கள் கூடக் கூட நம்பிக்கை கூடும் என்று நினைத்து எழுதுகிறார்கள். படிப்பவரிடம் நடப்பது நேர்மாறு.

அந்த 44 சதவீதத்தை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், ஏனென்றால் அது முழுப் பொய்யும் இல்லை. இவர் மார்ச்சில் ஒரு நாளைக்குச் சராசரி 18 பில் போட்டார், ஜூனில் 26. எட்டு பில் கூடியது, 18க்கு 44%. ஆனால் கூடியது பில்லின் எண்ணிக்கை. மாதம் 24 வேலை நாள் என்று வைத்தால் மார்ச்சில் 432 பில், ஒன்று சராசரி 1,150 ரூபாய், ஆக 4,96,800 ரூபாய். ஜூனில் 624 பில். புதிதாக வாங்க ஆரம்பித்தவை சின்னக் கடைகள் என்பதால் சராசரி 1,020 ரூபாயாக இறங்கியது, ஆக 6,36,480 ரூபாய். பண மதிப்பில் ஏற்றம் 28% தான். "விற்பனையை 44% உயர்த்தினேன்" என்று எழுதியவரிடம் "ஆவரேஜ் பில் எவ்வளவு?" என்று நேர்காணலில் ஒரே கேள்வி போதும். நல்ல வேலை செய்தவர், சொல்லைத் தவறாகப் போட்டதால் புளுகியவராக வெளியே வருவார்.

அதே ஆள், அதே வேலை, மூன்றாவது கடிதம்:

> வணக்கம் ஐயா. ஈரோடு டவுனில் மூன்று டிஸ்ட்ரிபியூட்டர்களைப் பார்க்க எஸ்.ஓ. தேவை என்று அறிவித்திருக்கிறீர்கள். பீட்டில் பெயர் இருந்தும் பில் வாங்காத கடைகளை மறுபடி வாங்க வைப்பது எனக்குக் கைவந்த வேலை. அதை உங்கள் மூன்று டிஸ்ட்ரிபியூட்டர்களிடமும் செய்ய விரும்புகிறேன்.
>
> நான் பார்ப்பது ஆறு பீட், 240 கடை. மார்ச்சில் நாளுக்கு 40 கடை ஏறிச் சராசரி 18 பில் போட்டேன். நான்கு வாரமாக ஒரு பில்லும் இல்லாத 102 கடைகளில் காரணம் கேட்டு எழுதினேன். அவற்றில் 55 கடைக்காரர்கள் சொன்னது ஒன்றேதான்: காலாவதிச் சரக்கை யாரும் திருப்பி எடுக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரிடம் பேசி, வாரம் ஒரு பீட்டாக அந்தச் சரக்கை எடுத்து, தொகையை அடுத்த பில்லிலேயே கழித்துக் கொடுத்தோம். ஜூனில் நாளுக்குச் சராசரி 26 பில். அதே டிஸ்ட்ரிபியூட்டரின் இன்னொரு விற்பனையாளர் பீட்களில், அதே ஸ்கீமுடன், 17 பில் 19 ஆனது.
>
> சேர்ந்த முதல் இரண்டு வாரத்தில் ஒவ்வொரு டிஸ்ட்ரிபியூட்டரிடமும் இரண்டு பீட் நடந்து, பில் இல்லாத கடைகளையும் காரணத்தையும் எழுதித் தருவேன். செவ்வாய் அல்லது புதன் மதியம் 2 மணிக்கு மேல் 15 நிமிடம் பேச முடியுமா ஐயா?

இதில் முடிவு என்று ஒன்றுதான் இருக்கிறது: 18 பில் 26 ஆனது. மற்ற எண்கள் எல்லாம் அந்த ஒன்றைத் தாங்கி நிற்பவை. எங்கிருந்து தொடங்கியது, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எத்தனை கடை, என்ன செய்தார் என்பது சொல்லப்பட்டிருக்கிறது. வேலையையும் விளைவையும் ஏ.எஸ்.எம். தானே முடிச்சுப் போட்டுப் பார்க்கலாம். ஆறு பீட்டிலிருந்து 55 கடை என்றால் நாளுக்கு ஒன்பது கடை. கூடிய எட்டு பில் அதற்குள் அடங்குவது கணக்கில் உட்காருகிறது. காலாவதிச் சரக்கு கிடந்தால் அண்ணாச்சி புதுச் சரக்கு எடுக்கமாட்டார் என்பதும் அவர் நன்றாக அறிந்ததே. தெரிந்த நோவுக்குப் பெயர் சொன்னதும் எழுதியவர் மீது ஒரு மரியாதை வருகிறது.

இந்தக் கடிதத்தில் மிக உழைக்கும் வரி, இரண்டாம் பத்தியின் கடைசியில் வரும் அந்த 17, 19. அனுபவப்பட்ட மேனேஜர் உடனே கேட்பது: "ஜூன்ல ஸ்கூல் திறக்குது, பிஸ்கட் தானா ஏறுமே?" நியாயமான கேள்வி. பக்கத்துப் பீட்டில் அதே மாதங்களில், அதே ஸ்கீமில், இரண்டு பில்தான் கூடியது என்றால் சீசன் கொடுத்தது ஏறக்குறைய அவ்வளவுதான். மீதி ஆறு பில் இவர் செய்த வேலை. விற்பனையில் மறுப்பு வருவதற்கு முன்பே பதில் சொல்வது என்பார்களே, அது கடிதத்துக்குள்ளேயே நடக்கிறது. ஒப்பிட இன்னொரு பீட் இல்லாதவர் போன வருடம் இதே மாதத்தின் எண்ணை வைத்து ஒப்பிடலாம். தீபாவளிக்கு முந்தைய மாதத்தை ஜூலையோடு ஒப்பிட்டு எழுதுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். அந்த ஏற்றம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

பில் எண்ணிக்கையையா, 28% பண மதிப்பையா எதை எழுதுவது என்று தயக்கம் வரும். பண மதிப்பில் விலையேற்றம், ஸ்கீம், ஒரு மொத்தக்கடைக்காரர் ஒரே நாளில் தூக்கிய 50 பெட்டி எல்லாம் கலந்திருக்கும். பில் எண்ணிக்கையைக் கடை கடையாகப் பேசித்தான் கூட்ட முடியும். அதனால் கடிதத்தில் பில். சராசரி 1,150 ரூபாய் 1,020 ஆனதை நேர்காணலுக்குக் கையில் வைத்திருக்க வேண்டும், கேட்டால் உடனே சொல்ல வேண்டும். ஒன்று உண்டு: பெரிய பில்லை இரண்டாக உடைத்து எண்ணிக்கையைக் கூட்டும் பழக்கமும் களத்தில் இருக்கிறது. "நாளுக்கு 26 பில்" என்பதோடு "40 கடையில்" என்பது சேர்ந்தே இருந்தால், ஒவ்வொரு பில்லும் தனிக் கடை என்று நேர்காணலில் உறுதியாகச் சொல்லலாம். எண்களை வேலையில் இருக்கும்போதே தினமும் சொந்த நோட்டில் குறித்து வருவது நல்லது. கம்பெனி ஆப்பின் ஸ்கிரீன்ஷாட், கடைப் பெயர்கள், மார்ஜின், ஸ்கீம் விவரம் எதுவும் கடிதத்தில் போகக்கூடாது. இன்றைய முதலாளியின் கணக்கைக் கொட்டுபவர் நாளை தன் கணக்கையும் கொட்டுவார் என்றுதான் புதிய முதலாளி நினைப்பார்.

முடிவில் கேட்பதிலும் வேறுபாடு இருக்கிறது. முதல் கடிதம் "வாய்ப்பளித்தால்" என்று கதவுக்கு வெளியே நிற்கிறது. மூன்றாவது, கடைகள் ஓய்ந்து மேனேஜருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும் மதிய வேளையாகப் பார்த்து, இரண்டு நாளில் ஒன்றைக் கேட்கிறது. அதற்கு மேல் போனால் கெடும். "செவ்வாய்க்கிழமை நானே நேரில் வருகிறேன்" என்று எழுதுவது சிலரிடம் எடுபடும், பலரிடம் எரிச்சலைத்தான் கிளப்பும்.

இரண்டாவது கடிதத்துக்கும் இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். வேலைவாய்ப்புத் தளத்தின் படிவம் வழியாகப் போகும்போது முதலில் பார்ப்பது எச்.ஆர்.; அவர் அனுபவ ஆண்டு, லைன், ஊர், டார்கெட் இவற்றைத் தேடுவார். அந்தப் பட்டியல் ரெஸ்யூமில் இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் தொடக்க எண்ணோடு. மூன்று ஊர், நாற்பது பேர் என்று பார்த்த சீனியருக்கும் ஒற்றைப் பீட் கணக்கு போதாது; அவர் ஒரு எஸ்.ஓ.வை எப்படி நிமிர்த்தினார் என்பதே அவருடைய ஒரு முடிவாக இருக்க வேண்டும். விற்பனையே செய்யாத புதியவர் இல்லாத எண்ணை உண்டாக்கக் கூடாது. துணிக்கடையில் விடுமுறைக்கு நின்றிருந்தால், ஒரு நாளில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று ஒரு வாரம் எண்ணியிருந்தாலே கடிதத்துக்குப் போதும்.

இந்த லைனில் பல இடங்கள் வாட்ஸ்அப் குழுவில்தான் அறிவிக்கப்படுகின்றன. அங்கே மூன்றாவது கடிதத்தை அப்படியே ஒட்டினால் யாரும் விரித்துப் படிக்கமாட்டார்கள். நான்கு வரிக்குச் சுருக்கலாம்:

> வணக்கம் ஐயா, ஈரோடு எஸ்.ஓ. இடத்துக்கு. பிஸ்கட் லைன், 6 பீட், 240 கடை.
> மார்ச்: 40 கடையில் 18 பில். ஜூன்: 26. பக்கத்துப் பீட், அதே ஸ்கீம்: 17, 19.
> காலாவதிச் சரக்கை எடுத்து, பில் நின்ற கடைகளைத் திருப்பியது.
> ரெஸ்யூம் இணைத்துள்ளேன். செவ்வாய் அல்லது புதன் 2 மணிக்கு மேல் அழைக்கலாமா?