பம்பு கையேட்டில் இம்பெல்லரா, சுழலியா?

கிணற்று மோனோபிளாக் பம்புக்குத் தமிழில் கையேடு எழுதும்போது ஆங்கிலச் சொல்லை அப்படியே வைப்பதா, தமிழில் ஆக்குவதா என்று ஒவ்வொரு வரியிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கையேடு முழுவதற்கும் ஒரே கொள்கை என்பதை நான் ஏற்கவில்லை. படிப்பவர் அந்தச் சொல்லை வைத்து அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதுதான் என் அளவுகோல்.

கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருளென்றால் கடைக்காரர் அறிந்த பெயரே வேண்டும். பம்பினுள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லர், குழாயின் அடியில் நீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு, பேரிங் ஆகியவை அப்படியே இருக்கட்டும். இம்பெல்லரைச் ‘சுழலி’ என்று எழுதினால் கடையில் புரியாது என்பதோடு சிக்கல் நிற்பதில்லை. மோட்டாரின் ரோட்டருக்கும் அதே சொல் வழங்குகிறது. இரண்டும் ஒரே தண்டில் சுழலும் பம்பில் எதைக் கழற்றச் சொல்கிறீர்கள்?

அளவையும் செயலையும் சொல்லும் இடங்களில் நிலைமை தலைகீழ். ‘சக்ஷன் லிஃப்ட்’ என்று எழுதினால் எங்கிருந்து எதுவரை அளப்பது என்பது தெரியாது. ‘கிணற்று நீர்மட்டத்திலிருந்து பம்பு வரை உள்ள உயரம்’ என்றால் டேப்பை எங்கே பிடிப்பது என்பது சொல்லிலேயே இருக்கிறது. காற்றின் அழுத்தம்தான் நீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி சுமார் 10 மீட்டர், நடைமுறையில் 6, 7 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. பம்பை அதைவிட உயரத்தில் வைத்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது.

‘பிரைமிங்’ என்பதற்குப் புதுச்சொல் தேடுவதும் வீண் வேலை. ‘குமிழி வருவது நிற்கும்வரை பம்பின் உள்ளே நீர் ஊற்றவும்’ என்ற முழு வாக்கியம் எந்தக் கலைச்சொல்லையும்விட நன்றாக வழிகாட்டும். ஊற்றிய நீர் இறங்கிக்கொண்டே இருந்தால் ஃபுட் வால்வு கசிகிறது என்று அடுத்த வரியில் சேர்த்துவிடலாம்.

பாடநூலில் நிலைத்த தமிழ்ச் சொல்கூடச் சில இடங்களில் காலை வாரும். பம்பு கையேட்டில் நீரழுத்தமும் வருகிறது, மின்னழுத்தமும் வருகிறது. ஓரிடத்தில் அவசரமாக ‘அழுத்தம் குறைந்தால்’ என்று எழுதிவிட்டால் படிப்பவர் குழாயைப் பார்ப்பதா, மீட்டரைப் பார்ப்பதா? இங்கே ‘வோல்டேஜ்’ என்றே எழுதுவேன்.

ஏசி கையேட்டில் இதற்கு நேர்மாறு. மோட்டாரைக் கிளப்ப உதவும் கப்பாசிட்டரை நம் எலக்ட்ரீஷியன்கள் பலர் ‘கண்டென்சர்’ என்கிறார்கள். பம்பில் அதனால் குழப்பமில்லை. ஏசியின் வெளிப்பெட்டியிலோ வெப்பத்தை வெளியேற்றும் குழாய்ச்சுருளுக்கும் கண்டென்சர் என்றே பெயர். ‘கண்டென்சரைச் சுத்தம் செய்யவும்’ என்ற வரியை ஒருவர் மாற்றிப் புரிந்துகொண்டு கப்பாசிட்டரில் கைவைத்தால், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் தேங்கியிருக்கும் மின்னூட்டம் தாக்கக்கூடும். எனவே அங்கே ‘மின்தேக்கி’ என்று எழுதி, படத்தில் எண்ணிட்டு, உதிரிபாகப் பட்டியலில் மட்டும் கப்பாசிட்டர் என்ற பெயரைத் தருவேன். இலங்கைக்குப் போகும் பிரதியானால் அங்குள்ள பாடநூல் வழக்கான ‘கொள்ளளவி’ என்று மாற்ற வேண்டும்.